சோதனைப் பிரதியின் மாற்றங்களை, ஆர்டர்களை இழக்காமல் நேரடித் தளத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் விற்கும் கடையொன்றின் வூகாமர்ஸ் தளத்தைப் பராமரிக்கிறேன். செக் அவுட் பக்கத்தையும் டெலிவரிக் கட்டணத்தையும் மாற்ற வேண்டியிருப்பதால், தளத்தின் முழுப் பிரதியைத் துணை டொமைனில் ஏற்றி, பேமென்ட் கேட்வேயைச் சோதனை நிலைக்கு மாற்றி, அங்கிருந்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போகாதபடி தடுத்திருக்கிறேன்.

பிரதியில் எல்லாம் சரியாக இயங்குகிறது. சிக்கல் அதைத் திரும்பக் கொண்டுபோகும் வழியில்தான் இருக்கிறது. தீம், ப்ளக்இன் கோப்புகளை நகலெடுப்பது எளிது. ஆனால் இந்தத் தளத்தில் ஆர்டர்கள் பழைய முறையிலேயே, பக்கங்களோடு சேர்ந்து `wp_posts`, `wp_postmeta` அட்டவணைகளில் இருக்கின்றன. பிரதியின் தரவுத்தளத்தை அப்படியே ஏற்றினால், பிரதி எடுத்த பிறகு வந்த ஆர்டர்கள் அத்தனையும் அழிந்துவிடும். பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்க்கலாமென்றால் எண்கள் மோதுகின்றன: பிரதியில் 5210 என்பது புதிய செக் அவுட் பக்கம், நேரடித் தளத்திலோ அதே எண் ஓசூர் வாடிக்கையாளர் ஒருவரின் ஆர்டர்.

ஹெச்பிஓஎஸ் முறைக்கு மாறினால் ஆர்டர்கள் `wp_wc_orders` என்ற தனி அட்டவணைக்குப் போய்விடும் என்றாலும், எண்ணை ஒதுக்கிவைப்பதற்காக `wp_posts` அட்டவணையில் ஒரு வெற்று வரிசை அப்போதும் உருவாகிறது. ஆகவே அதுவும் முழுத் தீர்வாகாது.

இப்போதைக்கு, மாற்றங்களை வரிசையாக எழுதிவைத்து, ஆர்டர் குறைவான பின்னிரவில் நேரடித் தளத்தில் கையால் மீண்டும் செய்வதே பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. இதையே `wp option update`, `wp post update` போன்ற கட்டளைகளாக எழுதி, முதலில் புதிய பிரதியொன்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு நேரடித் தளத்தில் ஓட்டுபவர்கள் இருந்தால், டெலிவரி மண்டலங்களை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று விளக்க வேண்டுகிறேன்.