நிறுத்தி மீண்டும் ஓட விட்டதும் லாஸ் எகிறியது: ஆடம் ஆப்டிமைசருடன் உங்கள் அனுபவம் என்ன?

நள்ளிரவு_ஓட்டம்

மூன்று வாரம் ஆகியும் இது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆடமை நானே கையால் எழுதி வைத்திருந்தேன். நான்கு ஜிபியுவில் 40,000 ஸ்டெப் ஓடி, லாஸ் 2.1 வரை இறங்கியிருந்தது. அங்கே நிறுத்தி, செக்பாயிண்டை எடுத்து ஒரே ஜிபியுவில் தொடர்ந்தேன். முதல் ஸ்டெப்பில் அதே 2.1 வந்தது. இருபது ஸ்டெப் போவதற்குள் 7-ஐத் தாண்டிவிட்டது. டேட்டா வரிசை, ரேண்டம் சீட், லேர்னிங் ரேட் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எல்லாம் முன்பு இருந்தபடியே இருந்தன.

கடைசியில் ஒரே ஒரு ஸ்டெப் ஓட்டி, அதற்கு முன்னும் பின்னும் வெயிட்களைக் கழித்துப் பார்த்தேன். லேர்னிங் ரேட் 0.001. திரையில் வந்த வித்தியாசமோ 0.00316, -0.00316, 0.00316 என்று ஒரே எண்ணாகவே போய்க்கொண்டிருந்தது. கிரேடியன்ட் பெரிதோ சிறிதோ, எல்லா வெயிட்டும் ஒரே தூரம் நகர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் உறைத்தது: அது 0.001 பெருக்கல் 10-இன் வர்க்கமூலம்.

என் கோடில் இருந்தது இதுதான். `g` கிரேடியன்ட், `m` அதன் ஓடும் சராசரி, `v` அதன் வர்க்கத்தின் ஓடும் சராசரி, `t` ஒவ்வொரு ஸ்டெப்பின் தொடக்கத்திலும் ஒன்று கூடும் ஸ்டெப் எண், `b1` 0.9, `b2` 0.999:

```
m = b1*m + (1-b1)*g
v = b2*v + (1-b2)*g*g
mh = m / (1 - b1**t)
vh = v / (1 - b2**t)
w -= lr * mh / (vh**0.5 + eps)
```

நான்கு ஜிபியுவில் ஓடியபோது வெயிட்களின் பெயருக்கு முன்னால் `module.` ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்ப ஏற்றும்போது வெயிட்களுக்கு அதை வெட்டினேன், `m`, `v` இரண்டுக்கும் வெட்ட மறந்துவிட்டேன். பெயர் கிடைக்காவிட்டால் பூஜ்யத்தை வைத்துக்கொள் என்று எழுதியிருந்ததால் எந்தப் பிழையும் வரவில்லை. `t` மட்டும் தனி எண், அது 40,000-ஆக ஒழுங்காக வந்தது. அதாவது `m`, `v` புதிதாகப் பிறந்தவை, `t` மட்டும் பழையது. `t` அவ்வளவு பெரிதானால் `1 - b2**t` ஏறக்குறைய 1, எனவே பூஜ்யத்தில் தொடங்குவதை ஈடுகட்டும் திருத்தமே நடக்கவில்லை.

பெயரைச் சரிசெய்ததும் பிரச்சினை போயிற்று. ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. சோதனைக்காக `m`, `v`, `t` மூன்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிப் பார்த்தேன். திருத்தம் ஒழுங்காக நடந்தும் லாஸ் 2.1-இலிருந்து 2.6 வரை ஏறித்தான் இறங்கியது. அது ஏன்?

சமவெளி

நண்பரே, உங்கள் கணிப்பு தலைகீழாக இருக்கிறது என்று நினைக்கிறேன். `m` பூஜ்யத்தில் தொடங்குவதால் முதல் ஸ்டெப்பில் கிரேடியன்ட்டில் பத்தில் ஒரு பங்குதான் அதில் சேரும். அதைப் பெரிதாக்கத்தான் நீங்கள் சொன்ன திருத்தம், அதாவது பயாஸ் கரெக்‌ஷன். அது இல்லையென்றால் ஆரம்பம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும், எகிறக் கூடாது. வேறு எங்கோ பிழை இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

எனக்கு நடந்தது வேறு. எஸ்ஜிடி ஆப்டிமைசரில் 0.1 லேர்னிங் ரேட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாடல். பெயரை மட்டும் ஆடம் என்று மாற்றி, 0.1-ஐ அப்படியே விட்டுவிட்டேன். முதல் ஸ்டெப் முடிந்ததும் வெயிட்களை வரைந்து பார்த்தேன். ஆரம்பத்தில் எல்லாம் 0.02 அளவில் ஒரு மணி வடிவில் நின்றவை, இப்போது +0.1 பக்கம் ஒரு குவியல், -0.1 பக்கம் ஒரு குவியல், நடுவில் ஒன்றுமில்லை. அந்தப் படத்தை இன்றும் வைத்திருக்கிறேன். எஸ்ஜிடியில் 0.1 என்பது கிரேடியன்ட்டைப் பெருக்கும் எண். ஆடமில் அது கிட்டத்தட்ட நகரும் தூரமே.

கிரேடியன்ட்_கணக்கன்

சமவெளி, `m` பற்றி நீங்கள் சொன்னது சரி. `v`-ஐ விட்டுவிட்டீர்கள். அதுவும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் அது பகுதியில் இருக்கிறது. முதல் ஸ்டெப்பில் `m`-க்குக் கிடைப்பது 0.1 பங்கு. `v`-க்குக் கிடைப்பது 0.001 பங்கு, வர்க்கமூலம் எடுத்தால் 0.0316. 0.1-ஐ 0.0316-ஆல் வகுத்தால் 3.16. தொகுதி பத்தில் ஒன்றாகச் சுருங்கும்போது பகுதி முப்பதில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆகவே திருத்தம் இல்லாவிட்டால் ஆரம்பம் மெதுவாகாது, பாயும்.

அது 3.16-ஓடும் நிற்காது. கிரேடியன்ட் ஒரே திசையில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், `m` பத்துப் பன்னிரண்டு ஸ்டெப்பில் பெருமளவு நிரம்பிவிடும், `v` நிரம்ப ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் 12-ஆவது ஸ்டெப் வாக்கில் பெருக்கம் 6.5-ஐத் தொடுகிறது. 100-இல் 3.2, ஆயிரமாவது ஸ்டெப்பிலும் 1.26. லாஸ் இருபது ஸ்டெப்புக்குள் 7-ஐத் தாண்டியதற்கு இது போதும். இவர் கண்ட 0.00316 தற்செயல் இல்லை, கைரேகை மாதிரி.

இப்போது 2.6 கேள்வி. திருத்தம் ஒழுங்காக இருந்தால் முதல் ஸ்டெப்பில் மேலே `g`, கீழே `g`-இன் அளவு. மிஞ்சுவது குறி மட்டும். ஒவ்வொரு வெயிட்டும் சரியாக லேர்னிங் ரேட் தூரம் நகரும். 40,000 ஸ்டெப் ஓடிய மாடலில் அப்படி நடப்பதில்லை. அங்கே கிரேடியன்ட் பெரும்பாலும் இரைச்சல், பேட்சுக்கு பேட்ச் குறி மாறும். `m` அதைச் சராசரியாக்கிக் கரைத்துவிடும், `v` வர்க்கத்தைக் கூட்டுவதால் கரையாது. முழுக்க இரைச்சலே என்றால் வழக்கமான நகர்வு லேர்னிங் ரேட்டில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கியபோது, கால் அடி வைத்துக்கொண்டிருந்த மாடல் திடீரென்று முழு அடி வைத்தது, அதுவும் ஒரே பேட்சை நம்பி. திருத்தம் சராசரியின் அளவை மட்டுமே சரிசெய்யும். ஒரு பேட்சில் இல்லாத தகவலை அது கொண்டுவர முடியாது. லேர்னிங் ரேட்டைச் சில நூறு ஸ்டெப்பில் மெல்ல ஏற்றிப் பாருங்கள்.

தொகையா_சராசரியா

ஆடம் சில பிழைகளை மறைத்தும் விடும். எனக்கு அப்படி ஒன்று நடந்தது.

பேட்சின் லாஸைச் சராசரி எடுப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன். பேட்சில் 64. அதே கோடை எஸ்ஜிடியில் ஓட்டிய நண்பர் பத்தாவது ஸ்டெப்பிலேயே `nan` என்று வந்து நின்றார். என் ஆடம் ஓட்டமோ, பிழையைத் திருத்துவதற்கு முன்னும் பின்னும் லாஸ் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு கோடுகள், ஆரம்பத்தில் பிரித்தே பார்க்க முடியவில்லை. கிரேடியன்ட் 64 மடங்கானால் மேலேயும் 64, கீழேயும் 64, அடிபட்டுப் போகிறது.

ஆனால் ஒவ்வொரு சுற்றின் கடைசி பேட்சிலும் ஐந்து உதாரணங்கள்தான் இருந்தன. தொகை என்பதால் அந்த பேட்சின் கிரேடியன்ட் மட்டும் சிறியது. `v` பல ஸ்டெப்புகளின் சராசரி, ஒரு ஸ்டெப்புக்காக அது மாறாது. அங்கே மட்டும் அடிபடவில்லை. கோடுகள் பிரிந்தது அதனால்தான்.

அரிய_சொல்

கணக்கன் சார் சொன்ன 3.16-ஐப் பார்த்ததும் பழைய வலி ஒன்று நினைவுக்கு வந்தது. இது பயிற்சி தொடங்கி வெகுநேரம் ஆன பிறகும் நடக்கும்.

மொழி மாடல். ஒரு சொல் முதல் முறையாக 30,000-ஆவது ஸ்டெப் வாக்கில்தான் வந்தது. அதன் எம்பெடிங் வரிசைக்கு, அதாவது அந்தச் சொல்லுக்கான வெக்டருக்கு, அதுவரை கிரேடியன்ட் பூஜ்யம், ஆகவே `m`, `v` இரண்டும் பூஜ்யம். ஆனால் `t` எல்லோருக்கும் பொதுவானது, அது 30,000. திருத்தம் முடிந்துபோன நிலை. நண்பருடைய பிழையேதான், ஒரு பிழையும் செய்யாமல் வந்தது. அந்தச் சொல் வந்த ஸ்டெப்பில் 3.16 மடங்கு நகர்ந்தது. அடுத்த ஸ்டெப்பில் அந்தச் சொல் இல்லை, ஆனால் `m`-இல் மீதம் இருக்கிறது, மறுபடியும் நகர்ந்தது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போய், மொத்தம் சேர்த்தால் லேர்னிங் ரேட்டைப் போல 30 மடங்குக்கு மேல். ஒரே ஒரு முறை கண்ணில் பட்ட சொல்லுக்கு!

நான் கவனித்தது அந்த நழுவலைத்தான். வாக்கியத்தில் இல்லவே இல்லாத சொல்லின் வெக்டர், ஸ்டெப்புக்கு ஸ்டெப் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. மொமென்டம் இல்லாத வெறும் எஸ்ஜிடியில் கிரேடியன்ட் பூஜ்யம் என்றால் வெயிட் அசையாது. பைடார்ச்சில் `SparseAdam` இருக்கிறது, அது வந்த வரிசைகளை மட்டும் தொடும். நழுவல் நின்றது. ஆனால் அந்த முதல் பாய்ச்சல் நிற்கவில்லை, அங்கேயும் `t` பொதுதான்.

பழைய_பள்ளத்தாக்கு

எனக்கு நேர்ந்தது நள்ளிரவு_ஓட்டத்துக்கு எதிர்மாறு. `m`, `v` வந்தன, `t` மட்டும் பூஜ்யமானது. நிரம்பிய `m`-ஐ 0.1-ஆல் வகுக்க, நிரம்பிய `v`-இன் மூலத்தை 0.0316-ஆல் வகுக்க, ஸ்டெப் மூன்றில் ஒரு பங்கானது, பத்தாவது ஸ்டெப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழ். லாஸ் ஏறவே இல்லை, அதனால் இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே தயவுசெய்து எல்லோரும் இதைச் செய்யுங்கள். பத்து ஸ்டெப் நிறுத்தாமல் ஓட்டி வெயிட்களைச் சேமியுங்கள். பிறகு ஐந்து ஸ்டெப் ஓட்டி, செக்பாயிண்ட் எழுதி, புரோகிராமை முழுக்க மூடித் திறந்து, மீதி ஐந்தை ஓட்டுங்கள். இரண்டு வெயிட்களையும் கழித்துப் பாருங்கள். டேட்டா வரிசையும் டிராப்அவுட்டும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் பூஜ்யம், அல்லது மிதவைப்புள்ளித் துளி. 0.001 போன்ற ஒன்று வந்தால் ஆப்டிமைசர் நிலை தொலைந்திருக்கிறது. பெயர் கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்பதை இன்றே அழித்து, அங்கே பிழை எறியச் செய்யுங்கள். `eps`-ஐயும் பாருங்கள்: 1e-8 என்பதை 16-பிட் `float16`-இல் வைத்தால் அது பூஜ்யமாகிவிடும், கிரேடியன்ட்டே வராத வெயிட்டில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து `nan` வரும். நிலைகளை 32-பிட்டில் வையுங்கள். இதெல்லாம் பிடிக்கவில்லை என்றால் எஸ்ஜிடிக்கே போங்கள், வெறும் எஸ்ஜிடியில் வெயிட்டைத் தவிரத் தொலைக்க ஒன்றுமில்லை.

சமவெளி

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். 3.16 வருகிறது. நள்ளிரவு_ஓட்டம், உங்கள் கணிப்புதான் சரி, வேறு பிழை தேடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பள்ளத்தாக்கு ஐயா, எஸ்ஜிடிக்குப் போங்கள் என்பதை ஏற்க முடியாது. என் மாடலில் ஒரு லேயரின் கிரேடியன்ட் இன்னொன்றைவிட ஆயிரம் மடங்கு சிறியது. ஒரே லேர்னிங் ரேட்டில் ஒன்று சிதறும், இல்லையென்றால் மற்றது உறங்கும்.

நள்ளிரவு_ஓட்டம்

எல்லோருக்கும் நன்றி. 500 ஸ்டெப்பில் மெல்ல ஏற்றிப் பார்த்தேன். மூன்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியும் லாஸ் 2.6-க்குப் போகவில்லை, 2.2-உடன் நின்று இறங்கியது. அந்தக் கடைசி 0.1 எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. அரிய_சொல் சொன்ன எம்பெடிங் வரிசைகளாக இருக்குமோ என்று நாளை அவற்றை உறைய வைத்து ஓட்டப் போகிறேன்.