இரண்டு டோனட் விளக்கப்படத்தை அடுத்தடுத்து வைத்தேன், மேலாளர் தப்பாகப் படித்துவிட்டார். பையா, டோனட்டா, ஸ்டாக்டு பாரா?

செழியன்_கே:
எங்கள் ஆப்பைப் பற்றி வரும் புகார்களைக் காரணவாரியாகப் பிரித்து, அரையாண்டுக்கு ஒருமுறை காட்டுவது என் வேலை. இந்த முறை எக்ஸெலில் இரண்டு டோனட் போட்டேன். இடப்பக்கம் முதல் அரையாண்டு, வலப்பக்கம் இரண்டாவது. எண்ணிக்கை இது:

```
காரணம்             ஜன–ஜூன்   ஜூலை–டிச
லாகின் ஆகவில்லை      128        190
ஆப் மெதுவு            112        196
பில் தகராறு            72        101
அறிக்கைப் பிழை         48         83
மற்றவை                40         70
மொத்தம்              400        640
```

மேலாளர் படத்தைப் பார்த்ததும், “லாகின் 32 சதவீதத்திலிருந்து 31 ஆகியிருக்கிறது, பெரிய மாற்றம் இல்லை. பில் புகார் குறைந்துவிட்டது, நல்லது” என்றார். இரண்டுமே தப்பு என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் படம் ஏன் அப்படிச் சொல்ல வைத்தது என்று புரியவில்லை. போதாக்குறைக்கு, வலப்பக்க டோனட்டின் சதவீதங்களை ஒருவர் கூட்டிப் பார்த்து 101 வருகிறதே என்று கேட்டார். வெள்ளிக்கிழமை திருத்தித் தர வேண்டும். பைக்கு மாறட்டுமா, இல்லை ஸ்டாக்டு பாரா?

கறார்கணக்கு:
பை, டோனட் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். மனிதக் கண்ணுக்குக் கோணத்தை அளக்கத் தெரியாது. நீளத்தை அளக்கத் தெரியும். டோனட் இன்னும் மோசம், கோணம் இருக்கும் நடுப்பகுதியையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எதைக் காட்டுவதானாலும் ஸ்டாக்டு பார்தான். வேறு பேச்சே இல்லை.

மாலதி_ஆர்:
எனக்கும் இதே 101 பிரச்சினைதான், ஆனால் எனக்கு 170 வருகிறது! ஒரு கருத்துக்கணிப்பில் “எந்தெந்த வசதியைப் பயன்படுத்துகிறீர்கள்” என்று கேட்டோம். 70 சதவீதம் பேர் தேடல், 60 சதவீதம் பேர் அறிவிப்பு, 40 சதவீதம் பேர் பகிர்தல் என்றார்கள். பை போட்டால் எக்ஸெல் 41, 35, 24 என்று காட்டுகிறது. பைதான் கோளாறா?

நிலாமுற்றம்:
மாலதி, உங்கள் கதை வேறு. ஒரே ஆள் மூன்றையும் டிக் அடிக்கலாம் என்றால் அங்கே பங்கு போட ஒரு மொத்தம் இல்லை. ஆனால் எக்ஸெல் அதையெல்லாம் கேட்காது. கொடுத்த எண்களைக் கூட்டி 170 ஆக்கி, 70ஐ அதால் வகுத்து 41 என்று எழுதிவிடும். பார்ப்பவர் “41 சதவீதம் பேர்தான் தேடுகிறார்கள்” என்று நினைப்பார். டோனட்டிலும் 100% ஸ்டாக்டு பாரிலும் இதே கதைதான். வசதிக்கு ஒன்றாக மூன்று தனித்தனிப் பார் போடுங்கள், போதும்.

செழியன், உங்களிடம் இரண்டு கேள்வி. இரண்டாவது அட்டவணையைப் பெரியதிலிருந்து சிறியதாகத் தனியாக ஸார்ட் செய்தீர்களா? லெஜண்ட் இரண்டு படத்துக்கும் இருக்கிறதா, ஒன்றுக்குத்தானா?

செழியன்_கே:
ஆமாம் அக்கா, ஒவ்வொன்றையும் தனியாக ஸார்ட் செய்தேன். பெரிய துண்டு 12 மணி முள்ளில் தொடங்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். இடம் போதாததால் வலப்பக்க லெஜண்டை நீக்கிவிட்டேன்.

நிலாமுற்றம்:
அதேதான். எக்ஸெல் பையிலும் டோனட்டிலும் நிறம் பெயரோடு போகாது, வரிசையோடு போகும். முதல் வரிக்கு முதல் நிறம், இரண்டாம் வரிக்கு இரண்டாம் நிறம். இடப்பக்கம் முதல் வரி லாகின், அது நீலம். வலப்பக்கம் ஸார்ட் செய்ததும் ஆப் மெதுவு முதலுக்கு வந்துவிட்டது, அதுவும் நீலம். உங்கள் மேலாளர் நீலத்தை நீலத்தோடு ஒப்பிட்டு 32, 31 என்று படித்தார். அவர் மேல் தப்பே இல்லை. உண்மையில் லாகின் 32இலிருந்து 30க்கு இறங்கியது, மெதுவு 28இலிருந்து 31க்கு ஏறி முதலிடம் பிடித்தது. இந்த அரையாண்டின் செய்தியே அதுதான், அதை நிறம் விழுங்கிவிட்டது.

அட்டவணை இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் நிறம் சரியாகிவிடும். ஆனாலும் டோனட்டில் அந்த மாற்றம் கண்ணில் படாது. 28க்கும் 31க்கும் உள்ள வித்தியாசம் வட்டத்தில் சுமார் பத்து டிகிரிதான். அதோடு, லாகின் துண்டு சுருங்கியதால் மெதுவு துண்டு தொடங்கும் இடமும் நகர்ந்திருக்கும். அதை மனதுக்குள் சுழற்றிப் பொருத்திப் பார்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். இரண்டு காலங்களை ஒப்பிட வேண்டும் என்றால் 100% ஸ்டாக்டு பார்தான் என் தேர்வு. டோனட்டிலிருந்து பைக்கு மாறி ஒன்றும் ஆகப் போவதில்லை.

கறார்கணக்கு சொல்வதில் பாதி சரி. நீளத்தைவிடக் கோணத்தைப் படிப்பது கடினம் என்று ஆய்வாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984இல் எழுதியது உண்மைதான். ஆனால் பையை நாம் கோணத்தை வைத்துத்தான் படிக்கிறோம் என்பதே சந்தேகம். ஸ்காவும் கோசாராவும் 2016இல் சோதித்தபோது, நடுவை வெட்டிய டோனட்டையும் மக்கள் பையைப் போலவே படித்தார்கள். கோணம்தான் முக்கியம் என்றால் அங்கே தடுமாறியிருக்க வேண்டும்.

கறார்கணக்கு:
சரி, டோனட் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் எந்த இடத்தில் பை ஸ்டாக்டு பாரைவிட நன்றாக இருக்கும்? ஒன்று சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
ஒரே ஒரு மொத்தம், இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால். செழியனின் இரண்டாம் அரையாண்டில் லாகினும் மெதுவும் சேர்ந்து 60 சதவீதம். பையில் அடுத்தடுத்து இருந்தால் அரைவட்டத்தைத் தாண்டி வழிவது பார்த்ததும் தெரியும், அளவுகோலே வேண்டாம். காலும் அரையும் வட்டத்தில் தாமாகவே தெரியும், பாரில் கோடு போட்டால்தான் உண்டு. அந்தத் துண்டுகள் பிரிந்து கிடந்தால் இந்த வசதி போய்விடும், அது வேறு.

செழியன்_கே:
ஸ்டாக்டு பார் போட்டுப் பார்த்தேன். மெதுவு நடுவில் மாட்டிக்கொண்டது. லாகினுக்கு மேல் அது மிதக்கிறது, ஏறியதா இறங்கியதா என்றே தெரியவில்லை. டோனட்டுக்கு இது தேவலாமா?

நிலாமுற்றம்:
ஸ்டாக்டு பாரின் பலவீனமே அதுதான். இரண்டு ஓரத்தில் இருப்பவைக்கு மட்டும்தான் நிலையான தரை உண்டு. ஒன்று 0 கோட்டில் நிற்கும், இன்னொன்று 100 கோட்டில் சாயும். நடுவில் இருப்பவை எல்லாம் அண்டை வீட்டார் தள்ளுகிற பக்கம் நகரும். அதனால் எந்த இரண்டைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ, அவற்றை ஓரத்தில் வையுங்கள். உங்களுக்கு மெதுவு 0 பக்கம், பில் 100 பக்கம். “மற்றவை”யை வழக்கமாகக் கடைசியில் வைப்பார்கள், இங்கே அதை நடுவில் தள்ளிவிடுங்கள், பாதகமில்லை.

படுக்கைவாட்டுப் பாராகப் போடுங்கள், பெயர்கள் துண்டுக்குள்ளேயே அடங்கும், லெஜண்ட் தொல்லையும் போகும். எக்ஸெலில் `100% Stacked Bar` எடுத்ததும் ஒருவேளை காரணத்துக்கு ஒரு பார் வந்து நிற்கும். அப்போது `Switch Row/Column` அழுத்துங்கள், அரையாண்டுக்கு ஒரு பார் ஆகிவிடும். வரிசையை மாற்ற `Select Data` போய் அம்புக்குறியால் மேலே கீழே தள்ளலாம். முதல் அரையாண்டு கீழே போய் உட்கார்ந்திருக்கும், அந்த அச்சில் `Categories in reverse order` டிக் செய்யுங்கள். கடைசியாக `Add Chart Element` > `Lines` > `Series Lines`. இரண்டு பாருக்கும் நடுவே கோடுகள் இழுக்கும். மெதுவின் கோடு கீழே வரும்போது வலப்பக்கமாகச் சாய்ந்தால் பங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

சும்மாவந்தவன்:
101க்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தசமப் பகுதி பெரிதாக இருப்பவற்றை மட்டும் மேலே ஏற்றி மற்றதை இறக்கினால் சரியாக 100 வரும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

நிலாமுற்றம்:
பொதுவாக நல்ல வழி. ஆனால் இங்கே போட்டுப் பாருங்கள். இரண்டாம் அரையாண்டு: 29.7, 30.6, 15.8, 12.97, 10.9. ஐந்தில் மிகச் சிறிய தசமம் மெதுவினுடையது, அதனால் அதுதான் 30க்கு இறங்கும். லாகினும் 30. முதலிடம் மாறிய செய்தி மறுபடியும் மறைந்துவிடும்! 31, 30 என்றே விட்டுவிட்டு, கீழே “முழு எண்ணாக்கியதால் கூட்டுத்தொகை 101” என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் ஒரு தசமம் காட்டுங்கள்.

செழியன்_கே:
சரி அக்கா. பில் விஷயம்? 18இலிருந்து 16க்குப் போனதைப் பார்த்துத்தானே குறைந்தது என்றார்.

நிலாமுற்றம்:
அதை மூன்று படத்தில் எதுவும் காப்பாற்றாது. பங்குதான் குறைந்தது, புகார் 72இலிருந்து 101 ஆகியிருக்கிறது, அதாவது 40 சதவீதம் கூடுதல். மொத்தம் 60 சதவீதம் ஏறியதால் இதன் பங்கு சுருங்கிவிட்டது. பங்குப் படம் எதுவானாலும் 400ஐயும் 640ஐயும் ஒரே நீளத்துக்கு இழுத்துவிடும். ஒவ்வொரு பாரின் இடப்பக்கத்திலும் “ஜன–ஜூன், 400 புகார்”, “ஜூலை–டிச, 640 புகார்” என்று எழுதுங்கள். பில் துண்டுக்குள் சதவீதத்தோடு எண்ணிக்கையையும் போடுங்கள்.

கறார்கணக்கு:
அப்படியென்றால் பங்கே வேண்டாமே. எண்ணிக்கையை ஐந்து ஜோடிப் பாராகப் போட்டால் பில் ஏறியதும் தெரியும், மெதுவு முந்தியதும் தெரியும். ஸ்டாக்டு பாரை நானே சொன்னேன், இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்:
அப்போது ஐந்துமே ஏறியதுதான் தெரியும். எதன் பங்கு குறைந்தது என்பது தெரியாமல் போகும். மேலாளர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் பங்கின் பக்கம், நீங்கள் எண்ணிக்கையின் பக்கம், இருந்துவிட்டுப் போகட்டும்.

செழியன்_கே:
வெள்ளிக்கிழமை முடிந்தது. பாரைக் காட்டியதும் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, “மெதுவு எப்போது முதலிடம் வந்தது?” பில் 72, 101 என்று பார்த்துவிட்டு, போன முறை சொன்னதை அவரே திருத்திக்கொண்டார். ஆனால் டோனட்டை விட மனசில்லை அவருக்கு. முதல் பக்கத்தில் இரண்டாம் அரையாண்டுக்கு மட்டும் ஒன்று, நடு ஓட்டையில் 640 என்று எழுதி வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன். அடுத்த முறை மாதவாரியாக 12 பார் வேண்டுமாம். மெதுவும் பில்லும் ஓரத்தில் இருந்தால் லாகின் நடுவில் மாட்டுமே, அதற்கு என்ன செய்வது?

சும்மாவந்தவன்:
12 பார் என்றால் நான் பங்கைக் கோடுகளாகப் போட்டுவிடுவேன், காரணத்துக்கு ஒரு கோடு. கூட்டினால் நூறு என்பது கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வழி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.