கணக்கில் 1,16,200 காட்டியது, 60,000க்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. ஏன்?

ஈரோடு துணிக்கடை
ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 85,000 ரூபாய் செக்கை நவம்பர் 7, 2025 வெள்ளிக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணிக்கு வங்கியில் போட்டேன். கணக்கில் ஏற்கெனவே 31,200 இருந்தது. சனிக்கிழமை காலை ஆப்பில் 1,16,200 என்று பார்த்ததும், நூல் வியாபாரிக்கு 60,000க்குச் செக் எழுதிக் கொடுத்தேன். திங்கள் மதியம் அது பணம் போதவில்லை என்று திரும்பிவிட்டது. 500 ரூபாய் அபராதம், அதற்கு 18% ஜிஎஸ்டி 90, மொத்தம் 590 பிடித்துவிட்டார்கள். அன்று மாலை 6:40க்கு 85,000 வரவு என்று மெசேஜ் வருகிறது! பணம் இருந்ததா, இல்லையா?

கோவை குமார்
செக் மாற மூன்று வேலை நாள் ஆகும், இது எல்லாருக்கும் நடப்பதுதான். திரும்பிய செக்கை வங்கியே மறுநாள் மறுபடி அனுப்பும், அதற்குக் கட்டணம் கிடையாது. கவலை வேண்டாம்.

ஓய்வுபெற்ற காசாளர்
குமார் தம்பி, மறுநாள் தானாக அனுப்புவது தொழில்நுட்பக் காரணத்தால், அதாவது வாடிக்கையாளர் தப்பில்லாமல் திரும்பிய செக்குக்கு மட்டும்தான். பணம் போதாமல் திரும்பியதை நூல் வியாபாரிதான் மறுபடி போட வேண்டும். மூன்று நாள் கணக்கும் பழையது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் நாள் முழுக்க, வரவர நகர்கின்றன.

ஈரோட்டுத் தம்பி, உங்களுக்கு நடந்தது இதுதான். கிளியரிங்கிற்குச் செக் அனுப்பும் நேரம் அன்று மாலை 4 மணியோடு முடிந்தது. மூன்றே முக்காலுக்குக் கொடுத்தால் ஸ்கேன் செய்து அனுப்புவதற்குள் நேரம் போய்விடும். அடுத்த நாள் இரண்டாவது சனி, அப்புறம் ஞாயிறு. ஆகவே உங்கள் 85,000 திங்கள் காலைதான் கிளம்பியது. அதை எழுதியவரின் வங்கி பதில் சொல்ல இரவு 7 மணி வரை நேரம் உண்டு. ஆப்பில் பார்த்தது இன்னும் கிளியர் ஆகாத தொகையும் சேர்ந்த எண். எடுக்கக்கூடிய இருப்பு என்று வேறொரு வரி இருந்திருக்கும், அதில் 31,200தான் இருந்திருக்கும்.

இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். முன்பெல்லாம் நாம் எழுதிக் கொடுத்த செக் நம் வங்கிக்கு வந்து பணம் கழிய மறுநாள் ஆகும். அந்த இடைவெளியை நம்பியே கடைக்காரர்கள் ஓட்டினார்கள். இப்போது காலையில் போட்ட செக் மதியமே நம் கணக்கைத் தட்டுகிறது. வரவேண்டியது மாலைக்குள் வந்துவிடும் என்பது அதற்கு உதவாது.

மதுரை மீனாட்சி
எனக்கு வாடகைக்காரர் கொடுத்த செக் திரும்பியது. என் கணக்கிலும் 177 ரூபாய் பிடித்தார்கள். தப்பே செய்யாத நான் ஏன் கட்டணும்? செக் திரும்பியதற்குச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும் என்கிறார்கள். தம்பி, உங்கள் வாடிக்கையாளர் மேல் நீங்களும் போடலாமே?

ஓய்வுபெற்ற காசாளர்
அம்மா, அவருக்கு வந்த செக் நல்லபடியாக மாறிவிட்டது. திரும்பியது அவர் கொடுத்தது. 138ஐப் பற்றி யோசிக்க வேண்டியவர் நூல் வியாபாரி. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். அது கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட்டால் வழக்கு எழாது. உங்கள் வாடகை விஷயத்திலும் அதே 30 நாள்தான், தள்ளிப் போடாதீர்கள். 177 என்பது 150ம் ஜிஎஸ்டியும். செக் போட்டவரிடம் வாங்குவது உறுத்தலான விஷயம்தான், ஆனால் பல வங்கிகள் வாங்குகின்றன.

ஈரோடு துணிக்கடை
அப்படியானால் நூல் வியாபாரிக்கும் கட்டணம் விழுந்திருக்கும். அவரிடம் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற காசாளர்
இன்றே நெஃப்டில் 60,000 அனுப்பிவிட்டு அவருக்குப் பிடித்த கட்டணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்பிய செக்கையும், அதோடு வந்த ரிட்டர்ன் மெமோவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செக் அவர் கையிலேயே இருந்தால் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி போட முடியும். மெமோவில் என்ன காரணம் என்று பாருங்கள். 01 என்றால் பணம் போதவில்லை. 03 என்றால் வரவேண்டிய செக் இன்னும் கிளியர் ஆகவில்லை, மறுபடி போடவும் என்று பொருள். உங்களுக்கு 03 போட்டிருந்தால் பொருத்தம் என்பேன்.

ஈரோடு துணிக்கடை
பணம் அனுப்பிவிட்டேன் சார். 177ஐயும் கொடுத்தேன், செக்கும் மெமோவும் கைக்கு வந்துவிட்டன. அதில் 01 என்றுதான் இருக்கிறது. 590ஐத் திருப்பிக் கேட்டு மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘எடுக்கக்கூடிய இருப்பு 31,200தானே’ என்றார், முடிவாக ஒன்றும் சொல்லவில்லை.

கோவை குமார்
03 என்று போட்டிருந்தால் மட்டும் 590 பிடிக்காமல் விட்டிருப்பார்களா, சார்?

ஓய்வுபெற்ற காசாளர்
அது அந்தந்த வங்கியின் கட்டணப் பட்டியலைப் பொறுத்தது, தம்பி. கிளையில் கேட்டால் காட்டுவார்கள்.