மயில் கழுத்து நிறத்தில் ஐந்து தோழிகள்: உங்கள் அனுபவம் என்ன?

சாட்ஸ்வொர்த் மணப்பெண்

பிப்ரவரியில் டர்பனில் எனக்குத் திருமணம். வரவேற்பின்போது என்னோடு மண்டபத்துக்குள் வர ஐந்து தோழிகள் இருக்கிறார்கள். எல்லோரும் மயில் கழுத்து நிறத்தில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு இணையக் கடையில் ஒரே மாதிரி ஐந்து கவுன் பார்த்து வைத்தேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒருத்திக்கு மார்பு 44 அங்குலம். ஒருத்தி அப்போது ஏழு மாத கர்ப்பிணியாக இருப்பாள். என் ஜூலுத் தோழிக்கு இடுப்பு 30, அதன் கீழே 46. ஒருத்தியின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. ஐந்தாமவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். 500 ரேண்டுக்கு மேல் முடியாது என்று கூச்சத்தோடு சொன்னாள். மற்றவர்கள் 1,000 முதல் 2,500 வரை செலவழிக்கலாம். இப்படி உடை எடுத்தவர்கள் நடந்ததை எழுதுங்கள்.

பீனிக்ஸ் மருதாணிக்காரி

என் தங்கை கல்யாணத்தில் செய்ததைச் சொல்கிறேன். ஒரே நிறத்தில் அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என்று மூன்று வகை எடுத்தோம். பருமனான பெண்களுக்கு அடர் நிறம், ஒல்லியானவர்களுக்கு வெளிர் நிறம். அடர் நிறம் உடம்பைக் குறைத்துக் காட்டும், வேலை முடிந்தது. நிறம் பார்க்கக் கடைக்கெல்லாம் அலைய வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

வெருலம் தையலம்மா

நான் முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். மருதாணிக்காரத் தங்கை சொன்னதில் பாதி சரி. நிறத்தில் ஏற்ற இறக்கம் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் உடம்பைக் கூட்டிக் காட்டுவதில் நிறத்தைவிடப் பளபளப்புக்குத்தான் பங்கு அதிகம். அடர் நிறச் சாட்டினை வயிற்றின்மேல் இழுத்துத் தைத்துப் பாருங்கள், ஒவ்வொரு சுருக்கத்திலும் வெளிச்சம் பட்டு மின்னும். அதே இடத்தில் வெளிர் நிற ஜார்ஜெட் அமைதியாகத் தொங்கும். இன்னொன்று, பருமனானவர்களை எல்லாம் அடர் நிறத்தில் நிறுத்தினால் எதற்காக அந்த நிறம் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு பெண் என் கடையில் அழுதிருக்கிறாள்.

கைப்பேசிப் படத்தை நம்பி இந்த நிறத்தை எடுக்கவே கூடாது. நீலமும் பச்சையும் கலந்த நிறத்தை ஒரு கேமரா நீலமாகக் காட்டும், இன்னொன்று பச்சையாகக் காட்டும். கண்ணும் ஏமாறும். கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணிகள் மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் பிரிந்து நிற்கும், ஏனென்றால் அவற்றில் ஏறிய சாயம் வேறு வேறு. அதனால் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள், பிறகு மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறை. இரண்டிலும் ஒத்துப்போனால் மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

மகளே, நிறத்தை ஒன்றாக்கப் பாடுபடாதே. மிக நெருங்கிய இரண்டு நிறங்கள் பக்கத்தில் நின்றால் ஒன்று தவறிப்போனதுபோல் இருக்கும். நன்றாக விலகி நின்றால் வேண்டும் என்றே செய்ததாகத் தெரியும். உங்களில் யாரிடமாவது பழைய மயில் கழுத்துப் பட்டு இருக்கிறதா? அசல் மயில் கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். அசைத்தால் நீலமும் தெரியும், பச்சையும் தெரியும். அதை நடுவில் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் அதன் நீலத்தையோ பச்சையையோ எடுத்துக்கொள்ளலாம், எதுவும் தனியே நிற்காது. கிளிப்பச்சையும் சாம்பல் கலந்த நீலமும் மட்டும் சேராது.

லெனேசியா அண்ணன்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் எட்டுப் பேருக்கும் ஒரே நிறத் தலைப்பாகை கட்டினோம். எல்லாத் தலையும் ஒரே அளவு என்று நினைத்துத் தைத்த தலைப்பாகையாக வாங்கியதில் மூன்று பேருக்குக் காதுவரை இறங்கிவிட்டது. துணியாக வாங்கிக் கட்டுவதே நல்லது.

சாட்ஸ்வொர்த் மணப்பெண்

அண்ணா, நான் கேட்டது பெண்களைப் பற்றி! ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன்.

தையலம்மா, நீங்கள் கேட்டதும் எல்லோரிடமும் விசாரித்தேன். படிக்கும் தோழியின் ஆயாவுடைய காஞ்சிபுரப் பட்டு அலமாரியில் இருக்கிறதாம், மயில் கழுத்தேதான். கையில் ஐந்நூறு ரேண்டு வைத்திருப்பவளுக்குத்தான் ஐந்து பேரிலும் விலையுயர்ந்த உடை! ரவிக்கைத் துணியும் தையலும் மட்டும்தான் அவள் செலவு.

அந்தப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை கிரே தெருவுக்குப் போனோம். டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று பெயர் மாற்றி இத்தனை ஆண்டுகளாகியும் எங்கள் அம்மா வாயில் கிரே தெருதான். ஒரு கடையில் கச்சிதமாகச் சேர்ந்த ஜார்ஜெட்டை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வெறும் நீலம். நான்காவது கடையில்தான் சரியான பச்சை கிடைத்தது. புடவை கையில் இல்லாவிட்டால் முதல் கடையிலேயே ஏமாந்திருப்போம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் செவிலி

எத்தனை மீட்டர் வேண்டுமோ அத்தனையும் ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து வாங்கிவிடுங்கள். நான் பாதியை வாங்கிவிட்டு மூன்று வாரம் கழித்துப் போனேன். கடைக்காரர் அதே எண், அதே துணி என்று சத்தியம் செய்தார். வேறு தடவை சாயம் போட்ட சுருள் அது. ஒரே பாவாடையில் முன்பக்கம் ஒரு பச்சை, பின்பக்கம் ஒரு பச்சை.

இன்னொரு பாடமும் உண்டு. செலவைக் குறைக்க வெள்ளை நிறத்தில் தைத்த ரவிக்கை ஒன்றை வாங்கி வீட்டிலேயே சாயம் போட்டேன். மேல்துணி பருத்தி, அழகாக நிறம் ஏறியது. தைத்திருந்த நூல் பாலியஸ்டர் என்பது அப்போதுதான் தெரிந்தது. நிறம் பிடிக்கவில்லை. தையல் எல்லாம் வெள்ளைக் கோடுகளாக நின்றது, உள்ளே லைனிங்கும் வெள்ளை. போதாததற்குத் துணி சுருங்கிக் கை நுழையவில்லை. சாயம் போடுவதானால் தைக்கும் முன் போட வேண்டும், அதுவும் பருத்தி, பட்டு, விஸ்கோஸ் மாதிரித் துணியில்.

வெருலம் தையலம்மா

செவிலித் தங்கை சொன்னது இரண்டும் உண்மை. இனி உடம்புக்கு வருகிறேன்.

மார்பு 44 உள்ளவளுக்கு எல்லோரும் செய்யும் தவறு, நெருக்கமாக இருக்கிறது என்று கைக்குழியைக் கீழே இறக்குவது. அப்படி இறக்கினால் அவள் ஆரத்தித் தட்டைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் கையோடு மேலே வந்து வயிறு தெரியும். கைக்குழி அக்குளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கையின் மேல்பகுதியிலும் மார்புப் பகுதியிலும் கொடுக்க வேண்டும். அவளுக்குப் பிரின்சஸ் கட் வைப்பேன். தோளிலிருந்து மார்பு வழியாக இறங்கும் அந்தத் தையலிலேயே வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், பெரிய டார்ட் போட்டுக் கூர்மையாக நிற்க விட வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ளே ஒன்றரை அங்குலத் துணி விட்டுத் தைக்கச் சொல். அன்று அணியப்போகும் உள்ளாடையோடுதான் அளவு கொடுக்க வேண்டும், அது மாறினால் அளவே மாறிவிடும்.

கர்ப்பிணிக்குப் புடவை வேண்டாம். மார்புக்குக் கீழிருந்து கொசுவி விடும் அனார்கலி தை. இடுப்பளவே தேவையில்லை. ஆனால் நீளத்தை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தனித்தனியே எடு, முன்னதை வயிற்றின் மேலாக. அதை மறந்தால் வயிறு துணியைத் தூக்கி, முன்பக்கம் கணுக்கால் தெரியும். நிகழ்ச்சிக்குப் பத்து நாளுக்கு முன் மட்டும் அடி மடித்தால் போதும்.

ஜூலுத் தோழிக்குக் கடையில் தைத்த பாவாடை ஆகாது. கீழே சேர்ந்தால் இடுப்பில் பிளந்து நிற்கும். நாடா போட்டுச் சுருக்கினால் இடுப்பு மூட்டையாகிவிடும். எட்டுப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு தையலிலும் இடுப்பருகே கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து எடுத்தால் அந்த 16 அங்குலமும் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும். பக்கத்து ஜிப் பத்து அங்குலமாவது இறங்கட்டும், இல்லையென்றால் போடவே முடியாது. குட்டைப் பெண்ணுக்கு மெல்லிய கரையுள்ள புடவை போதும், விறைப்பாக நிற்கும் ஆர்கன்சா மட்டும் வேண்டாம்.

போர்ட் லூயிஸ் தங்கை

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். நிறத்தைச் சொல்லிவிட்டுச் செலவைத் தோழிகள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் என் தோழிகள் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்தேன். தையல்கூலி மட்டும் அவரவர் கொடுத்தார்கள்.

பீனிக்ஸ் மருதாணிக்காரி

துணி எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் போய்விடுகிறதே. என் தோழி ஒருத்தி கொடுத்த துணி இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது. அடர் நிறம் பற்றித் தையலம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், கறுப்புச் சாட்டின் விஷயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. பளபளப்பில்லாத அடர் நிறம் என்றால் நான் சொன்னதுதான் சரி.

சாட்ஸ்வொர்த் மணப்பெண்

இதுவரை முடிவானது: நடுவில் ஆயாவின் பட்டு. அதன் பச்சையை ஒட்டி அனார்கலியும் ஜூலுத் தோழியின் பாவாடையும், இரண்டும் ஒரே சுருள் ஜார்ஜெட்டில். 44 அளவுத் தோழி எனக்கு அடர் நிறம்தான் வேண்டும் என்று தானே கேட்டு வாங்கினாள், பளபளப்பில்லாத கிரேப் புடவை. குட்டைத் தோழிக்கு வெளிர் நீர்ப்பச்சை. எல்லோருக்கும் மங்கிய தங்க ஜரிகை, புதுப் பளபளப்புத் தங்கம் யாருக்கும் கிடையாது. அனார்கலிக்குத் துணி, லைனிங், தையல் எல்லாம் சேர்த்து 1,100 ரேண்டு ஆகும் என்கிறார்கள். துணிப்பணம் யார் கொடுப்பது என்று இன்னும் பேசவில்லை, போர்ட் லூயிஸ் அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மனது உறுத்துகிறது.

வெருலம் தையலம்மா

ஒன்று கேட்க மறந்தேன். அந்தப் பட்டு எத்தனை வருடம் மடித்தபடியே இருந்தது? பழைய பட்டு மடித்த கோட்டிலேயே விடும், ஜரிகைப் பக்கம் முதலில். கடைக்குக் கொண்டுபோனபோது முழுவதும் பிரித்தீர்களா?

சாட்ஸ்வொர்த் மணப்பெண்

இல்லை, முந்தானையை மட்டும்தான் பிரித்தோம். வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டில் கட்டில்மேல் முழுவதும் விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போகிறோம். கிழிசல் இருந்தால் அன்றிரவே உங்களிடம் வருவேன் அம்மா.