16.8 மணியா, 25.2 மணியா? ‘இன்டென்ஷன் டு ட்ரீட்’டுக்கு ஒரு சொல் தேவை

செ. (மொழிபெயர்ப்பாளர்)

வணக்கம். ஃப்ளூ காய்ச்சலுக்குத் தரும் ஓசல்டாமிவிர் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். மருந்து வகையை ‘நியூராமினிடேஸ் தடுப்பான்’ என்று எழுதிவிட்டேன், அதில் தகராறு இல்லை. இடிப்பது வேறு இடம். பெரியவர்களுக்கு இந்த மாத்திரை கொடுத்தால் நோய்க்குறிகள் 16.8 மணி முன்னதாகத் தணிகின்றன என்றது 2014இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு. அதாவது 7 நாள், 6.3 நாளாகிறது. மறு ஆண்டே லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, பெரியவர்களுக்கு 25.2 மணி என்றது. யாரைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதுதான் வித்தியாசமாம். அங்கே வரும் ‘இன்டென்ஷன் டு ட்ரீட்’டைச் ‘சிகிச்சை நோக்கப் பகுப்பாய்வு’ என்று எழுதினேன். “யாருடைய நோக்கம்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் ஆசிரியர்.

மு.

இதற்கு எதற்குச் சொல் தேடிக்கொண்டு? 2015 ஆய்வுக்குப் பணம் தந்த அறக்கட்டளைக்கு மருந்தை விற்கும் ரோஷ் நிறுவனமே நிதி கொடுத்திருக்கிறது. ‘சார்பு’ என்று எழுதுங்கள், முடிந்தது.

வே. (உயிரிப்புள்ளியியல்)

மு. ஐயா சொல்லும் பணக்கதை உண்மைதான். அதைவிடப் பெரிய கதையும் உண்டு. 2003இல் வந்த ஒரு கட்டுரை இந்த மருந்தின் 10 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. அவற்றில் 2 மட்டுமே முறையாக வெளியானவை என்று 2009இல் எடுத்துக்காட்டியவர் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர். அதன்பின் ரோஷிடமிருந்து முழு அறிக்கைகளைக் கறக்கவே சில ஆண்டுகள் ஆயின.

ஆனால் 16.8க்கும் 25.2க்கும் உள்ள இடைவெளி பணத்தால் வந்ததல்ல. அதே 2015 கட்டுரையில், சோதனையில் சேர்ந்த எல்லாரையும் எடுத்துப் போட்ட கணக்கும் இருக்கிறது: 17.8 மணி. காக்ரேன் எண்ணுக்குப் பக்கத்தில்தானே நிற்கிறது? 25.2 என்பது ஃப்ளூ கிருமி உறுதியானவர்களை மட்டும் வடிகட்டி எடுத்த எண். காய்ச்சலும் இருமலுமாய் வந்து சேர்ந்தவர்களில் மூவரில் ஏறக்குறைய இருவருக்குத்தான் உண்மையில் ஃப்ளூ. மூன்றாமவருக்கு வேறு கிருமி, மாத்திரையால் பயனில்லை. அவரையும் சேர்த்தால் பலன் நீர்த்துப்போகும்.

சொல்லுக்கு வருவோம். மருந்தா, போலி மாத்திரையா என்ற குலுக்கலில் எந்தப் பிரிவு விழுந்ததோ, மாத்திரையை விழுங்கினாலும் குப்பையில் போட்டாலும், கடைசிவரை அந்தப் பிரிவிலேயே எண்ணுவது. ‘ஒதுக்கியபடி’ என்கிறேன்.

ரா.

என் அனுபவம்: 2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் எனக்கு இந்த மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் வேளையே குடலைப் பிரட்டி வாந்தி. ஐந்து நாளில் எழுந்து நடந்தேன். ஆகவே மருந்து வேலை செய்கிறது, ஆனால் வாந்தி வரும். கட்டுரையில் இதைப் போடுங்கள்.

தா. (பொது மருத்துவர்)

வாந்தி வரும் என்பது சரி அம்மா, இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகும் இடம் அது. 2015 கணக்கில் போலி மாத்திரைப் பிரிவைவிட நூற்றுக்கு 4, 5 பேர் கூடுதலாக வாந்தி எடுத்தார்கள். ஆனால் மாத்திரை இல்லாவிட்டால் நீங்கள் எத்தனை நாளில் எழுந்திருப்பீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

வே., உங்கள் மூன்றில் இரண்டு கணக்கு அழகாக இருக்கிறது. 25.2ஐ அப்படிச் சுருக்கினால் சரியாக 16.8 வருகிறது! ஆனால் லான்செட் எண் இடைநிலை நேரங்களுக்கு, அதாவது ஒவ்வொரு பிரிவிலும் வரிசையின் நடுவில் நிற்பவரின் நேரங்களுக்கு, இடையிலான வித்தியாசம். இடைநிலையை அப்படிப் பங்கு போட முடியாது, தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. இன்னொன்று, ஃப்ளூ உறுதி என்பதை மூக்கு, தொண்டைச் சளியில் வைரஸை வளர்த்துப் பார்த்தோ, சில வாரம் கழித்து எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியதா என்று பார்த்தோ முடிவுகட்டினார்கள். மாத்திரை எதிர்ப்பொருள் ஏறுவதையே குறைக்கிறது என்கிறது காக்ரேன். அப்படியானால் மாத்திரைப் பிரிவில் சிலருக்கு ஃப்ளூ இருந்தும் ‘இல்லை’ என்று விழும். வடிகட்டிய பின் இரு பிரிவும் சமமில்லை, குலுக்கியதன் பயனே போச்சு. லான்செட் குழு அதற்காகத் தன் வடிகட்டலைக் கைவிடவில்லை.

என் மேசைக்கு முன்னால் உட்காருபவருக்குச் சோதனை முடிவு இருக்காது. எனவே எனக்கு எல்லாரையும் சேர்த்த எண்தான் உதவும். அதுவும் ஃப்ளூ பரவும் பருவத்தில், காய்ச்சல் தொடங்கி ஒன்றரை நாளுக்குள் வந்தவர்களிடம் கிடைத்த எண். பருவம் கடந்து வருபவருக்கு இன்னும் நீர்த்துப்போகும்.

மு.

சரி, பணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘ஒதுக்கியபடி’ வேண்டாம். ஒதுக்கீடு என்றாலே இங்கே வேறு சண்டை ஞாபகம் வரும், ‘ஒதுக்கியவர்’ என்றால் தள்ளிவைத்தவர். ‘குலுக்கியபடி’ என்றே வையுங்கள்.

செ.

‘குலுக்கியபடி’ காதுக்குப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே எண்ணுவதுபோல் கேட்கிறது. ‘குலுக்கல்வழிக் கணக்கு’ என்று போடுகிறேன், வடிகட்டியதற்கு ‘ஃப்ளூ உறுதியானோர் கணக்கு’. ஆனால் தா. சொன்னதற்குப் பிறகு அந்த ‘உறுதி’யும் உறுத்துகிறது. ‘ஃப்ளூ எனக் கண்டோர்’ என்றால்?

வே.

‘கண்டோர்’ பரவாயில்லை. ‘வழி’ பிடிக்கவில்லை, நாளை எழுதுகிறேன்.