10×50 பைனாகுலரா, 70 மி.மீ. டெலஸ்கோப்பா?

தென்றல்: ஏழாவது படிக்கும் மகன் சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். 10×50 பைனாகுலரும் 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியதூரம் உள்ள டெலஸ்கோப்பும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. டெலஸ்கோப் பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. இன்னொரு கடையில் 60×60 பைனாகுலர் மிக மலிவு. எதை வாங்கலாம்?

கதிர்: டெலஸ்கோப்தான், யோசிக்கவே வேண்டாம். பெட்டியில் பொய் எதுவும் இல்லை. 700-ஐ, கண் வைத்துப் பார்க்கும் 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. கூடவே வரும், உருவத்தை இன்னும் 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸைப் போட்டால் 525.

மங்கை: கணக்கு சரிதான் கதிர், படம்தான் வராது. லென்ஸ் விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 2 மடங்கு என்பதுதான் நடைமுறை எல்லை. 70 மி.மீ. லென்ஸுக்கு அது 140. அதற்கு மேல் போனால் புது விவரம் எதுவும் தெரியாது, இருக்கிற வெளிச்சம் பரவி மங்கும், அவ்வளவுதான். பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். 100 மடங்கில் ஏறக்குறைய அரை டிகிரிதான் தெரியும், கோள் இரண்டு நிமிடத்தில் அதைக் கடந்துவிடும். 525-ல் இருபது சொச்சம் விநாடிதான் நிற்கும். பெட்டியோடு வரும் மெல்லிய ட்ரைபாடில் ஃபோகஸ் திருகைத் தொட்டால் எழும் ஆட்டம் அடங்குவதற்குள் கோள் வெளியே போயிருக்கும்.

தென்றல், அந்த டெலஸ்கோப்பில் 20 மி.மீ. ஐபீஸும் 10 மி.மீ. ஐபீஸும்தான் வேலைக்கு ஆகும். 35 மடங்கில் சனிக்கு வளையம் இருப்பது தெரியும், 70-ல் தெளிவாகத் தெரியும். ஆனால் சின்னதாகத்தான் இருக்கும், புத்தகப் படம் மாதிரி இருக்காது. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அது முழுதாக விரிய இன்னும் சில வருஷம் ஆகும், அதுவரை மெல்லிசாகவே தெரியும். இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முகிலன்: ஒரு கோளுக்காக மட்டும் டெலஸ்கோப் வாங்குவதை நான் ஏற்கவில்லை. 10×50-ல் ஆறரை டிகிரி வானம் ஒரே பார்வையில் விழுகிறது. கார்த்திகைக் கூட்டம் முழுசாக உள்ளே அடங்கும். அந்த டெலஸ்கோப்பில் 35 மடங்கில் ஒன்றரை டிகிரிக்கும் குறைவு, கார்த்திகையின் ஓரங்கள் வெட்டுப்படும். வியாழனின் நான்கு நிலாக்களும் பைனாகுலரிலேயே தெரியுமே.

மங்கை: தெரியும், ஆனால் சுவரில் சாய்ந்தோ ட்ரைபாடில் பூட்டியோ பார்த்தால்தான். வெறும் கையில் 10 மடங்கு நடுங்கும். சனி 10 மடங்கில் நீள்வட்டப் புள்ளிதான், வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே உள்ள இடைவெளி பிரியாது. பையன் கேட்டது வளையம்.

பறவைநேசன்: நான் வேடந்தாங்கல் போகிறவன். என்னைக் கேட்டால் 8×42 வாங்குங்கள். எடை குறைவு, கை நடுங்காது, பறக்கும் கொக்கைத் தொடர்வது சுலபம்.

மங்கை: பறவைக்கு நல்ல தேர்வுதான் சார், ஆனால் இவர்கள் கேட்பது இரவு வானம்.

தென்றல்: நன்றி. அந்த 60×60 பற்றி யாரும் சொல்லவில்லையே?

மங்கை: கடையிலேயே சோதிக்கலாம், ஒரு ஸ்கேல் போதும். பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. ஐபீஸ் நடுவே பளிச்சென்று ஒரு சின்ன வட்டம் தெரியும். முன் லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வருவதுதான் அந்த வட்டத்தின் அளவு. 10×50-ல் 5 மி.மீ. உண்மையான 60×60 என்றால் 1 மி.மீ., குண்டூசித் தலை அளவுக்கு இருக்க வேண்டும். 4 மி.மீ. இருந்தால் அட்டையில் இருப்பது பொய்.

பிறகு போன் டார்ச்சை ஐபீஸுக்குக் கொஞ்சம் பின்னால் பிடித்து, முன் லென்ஸை ஒட்டி வெள்ளைத்தாளை வைத்து, விழும் ஒளிவட்டத்தை அளங்கள். 32 மி.மீ. வந்தால் லென்ஸ் 60 மி.மீ. ஆக இருந்தும் உள்ளே ஏதோ மறைத்து 32 தான் வேலை செய்கிறது. 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. ஆக அது 8×32.

கதிர்: டார்ச் சோதனை எனக்குப் புதுசு. ஆனால் ஜூம் பைனாகுலர் 10-30×50 வாங்கினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கிடைக்காதா?

முகிலன்: வேண்டாம் கதிர். ஜூம் நகர்த்தும்போது இரண்டு குழலும் ஒரே அளவு நகராவிட்டால் படம் இரண்டாகத் தெரியும், பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். விலை குறைந்தவற்றில் இது சகஜம். சோதிக்க, தூரத்து டவர் விளக்கைப் பார்த்தபடி ஜூமை மெதுவாக ஏற்றுங்கள். விளக்கு இரண்டாகப் பிரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கதிர்: சரி, ஜூம் வேண்டாம். ஆனாலும் முதல் கருவியாக டெலஸ்கோப் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

முகிலன்: எனக்கும் பைனாகுலர் என்பதில் மாற்றமில்லை. மங்கை அக்கா, எந்தப் பக்கம்?

மங்கை: வளையம் ஒன்றுதான் வேண்டும் என்றால் டெலஸ்கோப், 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் பெட்டியிலேயே விட்டுவிடலாம். தென்றல், மொட்டை மாடியிலிருந்து தெற்கு வானம் தெரியுமா? தெருவிளக்கு எத்தனை பக்கம்?

தென்றல்: தெற்கே மரம், மேற்கே தெருவிளக்கு. கிழக்கு மட்டும் திறந்திருக்கிறது.

மங்கை: கிழக்கு போதும். சனி சூரியனுக்கு எதிரே வரும் மாதங்களில் அந்தி சாயும்போதே கிழக்கில் எழும், ஆனால் அடிவானத்தில் படம் கொதிக்கிற மாதிரி தெரியும். இரண்டு மணி நேரம் ஏறவிட்டுப் பாருங்கள். டெலஸ்கோப்பைக் குறிபார்க்க உதவும் ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்து டவர் ஒன்றை வைத்துச் சரிசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் 35 மடங்கிலேயே சனியைத் தேடிக் களைத்துப் போவான்.