ஒரே ஸ்லைடில் காவிரிப் படுகை முழுவதும்: நெருக்கியடிக்கும் பொருள்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புவியியல் ஆசிரியை

எங்கள் பள்ளியில் காவிரிப் படுகை வரைபடம் ஒன்று பவர்பாயின்ட் கோப்பாகக் கைமாறிக் கைமாறி வருகிறது. ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஏதாவது சேர்த்திருக்கிறார்கள். அடியில் படம், அதன்மேல் டெல்டாவைக் காட்டும் பச்சை நிழல், நீலக்கோடுகளாக ஆறுகள், முக்கொம்பையும் கல்லணையையும் குறிக்கும் சிறிய சாம்பல் பட்டைகள், ஊர்ப்பெயர்கள், அம்புக்குறிகள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்த பிறகு இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு இருக்கிறதல்லவா, அந்த விரலகல இடத்தில் மட்டும் ஏழெட்டுப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இந்த ஆண்டு கோப்பு என் கைக்கு வந்தபோது எதைச் சொடுக்கினாலும் வேறு எதுவோ தேர்வானது. ஊர்ப்பெயரைத் திருத்தப் போனால் ஸ்லைடின் நான்கு மூலைகளிலும் பிடிப்புப் புள்ளிகள் தோன்றின. Alt+F10 அழுத்தி Selection Pane-ஐத் திறந்ததும் விஷயம் விளங்கியது. பட்டியலின் உச்சியில் "Rectangle 41" என்று ஒன்று. ஸ்லைடு அளவுக்கு விரிந்த செவ்வகம். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அதன் பக்கத்திலிருந்த கண் அடையாளத்தைச் சொடுக்கி மறைத்தேன். மற்ற எல்லாம் கைக்கு எட்டின.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். பட்டியலில் உள்ள பெயரைச் சொடுக்கினால் ஸ்லைடில் எது என்று தெரிந்துவிடும். பெயரின்மேல் இருமுறை சொடுக்கினால் மாற்றி எழுதலாம். ஆறு_காவிரி, ஆறு_கொள்ளிடம், ஆறு_வெண்ணாறு, அணை_முக்கொம்பு, அணை_கல்லணை, பெயர்_ஸ்ரீரங்கம் என்று வகையை முன்னால் வைத்தேன். அரை மணி நேர வேலைதான். ஸ்லைடே புதிதாகப் பிறந்ததுபோல் இருக்கிறது.

இப்போது இரண்டு கேள்விகள். அந்தச் செவ்வகம் ஏன் தெரியாமலே சொடுக்கைப் பிடித்துக்கொண்டது? அடுத்து, காவிரிக் கோட்டையும் "காவிரி" என்ற பெயரையும் Ctrl+G கொடுத்துச் சேர்த்தவுடன் கல்லணைப் பட்டையும் முக்கொம்புப் பட்டையும் காணாமல் போயின. பட்டியலில் இருக்கின்றன, கண்ணும் திறந்திருக்கிறது. உங்கள் அனுபவம் என்ன?

அச்சக வடிவமைப்பாளர்

முதல் கேள்விக்கு: அந்தச் செவ்வகத்துக்கு நிறம் இருந்திருக்கும், அதன் Transparency 100 விழுக்காடு வைக்கப்பட்டிருக்கும். பவர்பாயின்ட்டுக்கு அது நிறம் நிரப்பிய வடிவம்தான். நடுவில் எங்கே தொட்டாலும் பிடித்துக்கொள்ளும். அதற்கே No Fill கொடுத்திருந்தால் ஓரக்கோட்டைத் தொட்டால் மட்டும்தான் தேர்வாகும், நடுவில் தொட்டால் அடியில் இருப்பது கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால்தான் ஆளைக் குழப்புகிறது. நீக்குவதற்கு முன் அதில் இணைப்போ அனிமேஷனோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது தொட்டால் அடுத்த ஸ்லைடுக்குப் போக வேண்டும் என்று யாராவது வைத்திருக்கலாம்.

இரண்டாவதுதான் முக்கியமானது அம்மா. பட்டியலில் மேலே இருப்பது ஸ்லைடில் முன்னால் இருக்கும், கீழே இருப்பது பின்னால். உங்கள் ஸ்லைடில் அடியிலிருந்து மேலே வரிசை இப்படி: படம், டெல்டா நிழல், ஆறுகள், அணைப் பட்டைகள், பெயர்கள். காவிரிக் கோடு பட்டைகளுக்குக் கீழே இருக்கிறது, காவிரி என்ற பெயர் பட்டைகளுக்கு மேலே இருக்கிறது. இரண்டையும் குரூப் செய்தால் குரூப்புக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. உறுப்புகளில் எது உச்சியில் இருந்ததோ அந்த இடம். ஆகவே பெயர் இருந்த உயரத்துக்குக் கோடும் ஏறிவிட்டது. இடையில் இருந்த பட்டைகள் கோட்டுக்கு அடியில் போய்விட்டன. பருமனான நீலக்கோடு, சிறிய பட்டை. மூடாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். Ctrl+Shift+G கொடுத்துக் குரூப்பைக் கலைத்தாலும் கோடு பழைய இடத்துக்கு இறங்காது. ஏறிய இடத்திலேயே நிற்கும். உடனே Ctrl+Z கொடுத்தால்தான் பழைய வரிசை திரும்பும். அது கைமீறிப்போயிருந்தால் பட்டியலில் கோட்டின் பெயரைப் பிடித்து இழுத்துப் பட்டைகளுக்குக் கீழே விடுங்கள்.

கல்லூரி மாணவர்

அவ்வளவு சிரமம் எதற்கு? பட்டைகளைத் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+] அழுத்தினால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

அச்சக வடிவமைப்பாளர்

வரும் தம்பி. கூடவே ஊர்ப்பெயர்களுக்கும் முன்னால் வந்துவிடும். கல்லணைப் பட்டை "கல்லணை" என்ற எழுத்தின் கால்பகுதியைத் தின்னும். பிறகு எழுத்தை முன்னால் கொண்டுவருவீர்கள், அது அம்புக்குறியை மூடும். நாலைந்து பொருள் உள்ள ஸ்லைடில் உங்கள் வழி போதும். இந்த மாதிரி ஸ்லைடில் Ctrl+] அல்லது Ctrl+[ கொடுத்து ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள், இல்லையென்றால் பட்டியலில் இழுங்கள். எழுத்துக்குள் கர்சர் நிற்கும்போது Ctrl+] கொடுத்தால் எழுத்தின் அளவு கூடிவிடும், ஓரத்தைத் தொட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு அழுத்துங்கள்.

ஆசிரியைக்கு என் யோசனை: பொருளை வைத்துக் குரூப் செய்யாதீர்கள், அடுக்கை வைத்துச் செய்யுங்கள். ஆற்றுக்கோடுகள் மட்டும் ஒரு குரூப், பட்டைகள் மட்டும் ஒன்று, பெயர்கள் மட்டும் ஒன்று. பட்டியலில் அடுத்தடுத்து இருப்பவற்றைச் சேர்த்தால் எதுவும் எதையும் தாண்டி ஏறாது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய குரூப்பாக்கினாலும் உள்வரிசை அப்படியே இருக்கும். வரைபடம் முழுவதையும் ஓரமாக நகர்த்த அது வசதி.

பேனர் கடைக்காரர்

குரூப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்கிறேன். சின்ன பேனர்களுக்கு வாடிக்கையாளர்கள் பவர்பாயின்ட்டிலேயே வடிவமைத்துக் கொண்டுவருகிறார்கள். மொத்தமாகக் குரூப் செய்து ஓரத்தை இழுத்துச் சுருக்கினால் கட்டங்கள் சுருங்குகின்றன, எழுத்து மட்டும் அதே அளவில் நின்று கட்டத்தை விட்டு வெளியே வழிகிறது. குரூப்பில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

அச்சக வடிவமைப்பாளர்

கோளாறில்லை. குரூப்பைச் சுருக்கினாலும் எழுத்தின் புள்ளி அளவு மாறாது, அது தனியாகத்தான் மாற்றப்பட வேண்டும். அளவு மட்டும் மாற வேண்டுமென்றால் குரூப்பின் நகல் ஒன்றை வலச்சொடுக்கி Save as Picture கொடுத்துப் படமாக்கிச் சுருக்குங்கள். மூலத்தைக் கைவிடாதீர்கள், படத்தில் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. ஆசிரியை கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லை, ஆனாலும் வரைபடத்தைச் சிறிதாக்கும்போது அவருக்கும் இது வரும்.

பயிற்சி மைய ஊழியர்

கண் அடையாளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் மையத்தில் ஒருவர் பெயரில்லாத வரைபடத்தை மாணவர்களுக்கு அனுப்ப, விடைப்பெயர்கள் எல்லாவற்றையும் மறைத்துக் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டார். மறைத்தது ஸ்லைடு ஷோவிலும் அச்சிலும் வராது. ஆனால் கோப்புக்குள் உயிரோடுதான் இருக்கும். ஒரு மாணவி Alt+F10 அழுத்தி Show All கொடுத்தாள், முடிந்தது.

இப்போது நாங்கள் அனுப்புவதற்கு முன் File, Info, Check for Issues வழியாக Inspect Document பார்க்கிறோம். Invisible On-Slide Content என்ற இடத்தில் மறைத்தவற்றைக் காட்டி நீக்கிவிடும். இதைச் சேமித்த நகலில் செய்யுங்கள். வேறொரு பொருளுக்கு அடியில் மூடப்பட்டுக் கிடப்பதை அது கண்டுபிடிக்காது. வெள்ளைக் கட்டம் போட்டு விடையை மூடியிருந்தால் நீங்கள்தான் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும்.

புவியியல் ஆசிரியை

நன்றி ஐயா. அடுக்கை வைத்துக் குரூப் செய்தேன், பட்டைகள் சரியான இடத்தில் நிற்கின்றன. தலைப்பை மட்டும் எந்தக் குரூப்பிலும் சேர்க்க முடியவில்லை. அது பிளேஸ்ஹோல்டர் என்பதால் என்று புரிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த மழையளவு அட்டவணையும் அப்படியே சேர மறுக்கிறது.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். மேட்டூரிலிருந்து கீழே ஒவ்வோர் ஆறாக வரைந்து காட்டும் அனிமேஷன் இருந்தது. கோடுகளைக் குரூப் செய்ததும் அனிமேஷன் எல்லாம் போய்விட்டது.

அச்சக வடிவமைப்பாளர்

போகத்தான் செய்யும். குரூப் செய்தால் உறுப்புகளின் தனி அனிமேஷன் அழியும். கலைத்தால் குரூப்பின் அனிமேஷன் அழியும். தனித்தனியாக ஓட வேண்டிய கோடுகளைக் குரூப் செய்யாதீர்கள். பெயரில் ஆறு_ என்று முன்னொட்டு வைத்திருக்கிறீர்களே, பட்டியலில் Ctrl அழுத்தியபடி அவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது எளிது. அனிமேஷன் பலகத்திலும் அதே பெயர்கள்தான் வரும்.

கல்லூரி மாணவர்

அல்லது ஸ்லைடை நகலெடுத்து, முதல் ஸ்லைடில் காவிரி மட்டும், அடுத்ததில் கொள்ளிடமும் சேர்த்து என்று கண் அடையாளத்தாலேயே கட்டம் கட்டமாகக் காட்டலாம். அனிமேஷனே தேவையில்லை.

அச்சக வடிவமைப்பாளர்

இது நல்ல யோசனை தம்பி. ஒரே ஒரு குறை: ஊர்ப்பெயரில் திருத்தம் வந்தால் எல்லா நகல்களிலும் செய்ய வேண்டும்.

சிறப்பாசிரியர்

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். திரைவாசிப்பான் பட்டியலில் மேலிருந்து கீழே படிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நேர்மாறு: Selection Pane-இல் அடியில் இருப்பதைத்தான் முதலில் படிக்கும். அடுக்கு வரிசையே படிக்கும் வரிசை. ஆகவே தலைப்பைப் பட்டியலின் கடைசிக்கு இறக்குங்கள். எதன்மேலும் அது படாததால் பார்வைக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவரை அவற்றுக்குள் வரிசையை மாற்றினாலும் தோற்றம் மாறாது. மேட்டூரை அடியில் வைத்து, அதற்கு மேல் முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை என்று நீரோட்டத்தின் திசையில் அடுக்குங்கள். என் மாணவன் NVDA வழியாக ஆறு ஓடும் வரிசையிலேயே கேட்பான். நீலக்கோடுகளுக்கு மாற்று உரை வேண்டுமா, அலங்காரம் என்று குறித்துவிடலாமா என்பதில் எனக்கும் என் சக ஆசிரியருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. கோடு எங்கே பிரிகிறது என்பதுதான் பாடமே என்கிறேன் நான்.

புவியியல் ஆசிரியை

நானும் உங்கள் பக்கம்தான் ஐயா. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிவதை ஒவ்வொரு கோட்டின் மாற்று உரையிலும் எழுதப்போகிறேன். அடிப்படம் மட்டும் நகராமல் இருக்க என்ன வழி? பட்டியலில் பூட்டு அடையாளம் உண்டு என்கிறார்கள், எங்கள் பள்ளிக் கணினியில் இருப்பது 2016 பதிப்பு, அதில் காணவில்லை.

அச்சக வடிவமைப்பாளர்

பூட்டு புதிய பதிப்புகளில்தான் வருகிறது. உங்களுக்கு இரண்டு வழி: படத்தை Format Background வழியாகப் பின்னணியாக்குவது, அல்லது View, Slide Master போய் லேஅவுட்டில் வைப்பது. லேஅவுட்டில் வைத்தது ஸ்லைடின் பட்டியலில் வராது, எப்போதும் எல்லாவற்றுக்கும் அடியில் நிற்கும், யார் கையும் தவறிப் படாது. ஆனால் அடுத்த ஆண்டு கோப்பை வாங்குபவர் படம் எங்கே இருக்கிறது என்று தேடுவார். குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

சிறப்பாசிரியர்

லேஅவுட்டில் வைத்த படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. படத்தின் விளக்கம் தேவையென்றால் அதை ஸ்லைடிலேயே விட்டுவிடுங்கள் அம்மா.